பிரேக்அவுட்டில் நுழையும்போது எந்த ஆர்டர்? மார்க்கெட், லிமிட், ஸ்டாப், ஸ்டாப்-லிமிட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எல்லாக் கேள்விக்கும் ஒரே உதாரணம்தான். ஒரு பங்கு மூன்று வாரமாக 242-க்கும் 250-க்கும் நடுவே ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது. 250-ஐ உடைத்தால் 250.20-ல் வாங்குவது திட்டம். ஸ்டாப்லாஸ் 245.50. இலக்கு 258, அதாவது அடைபட்டிருந்த உயரமான 8 புள்ளியை 250-க்கு மேல் வைத்தது. வாங்க நினைப்பது 400 பங்கு. திட்டப்படி நடந்தால் ஒரு பங்குக்கு 4.70 இழக்கத் தயாராக இருந்து 7.80 சம்பாதிக்கப் பார்க்கிறோம். கிட்டத்தட்ட 1-க்கு 1.66.

250 உடைஞ்சா வாங்கணும், ஆனா நாள் முழுக்க திரை முன்னாடி உட்கார முடியாது. நாலு ஆர்டர்ல எதைப் போட்டு வைக்கிறது?

ஸ்டாப்-லிமிட். டிரிகர் 250.20, லிமிட் அதற்குக் கொஞ்சம் மேலே. விலை டிரிகரைத் தொட்டதும் ஆர்டர் உயிர்பெறும், ஆனால் லிமிட்டைத் தாண்டி வாங்காது. எவ்வளவு மேலே என்பதுதான் உண்மையான கேள்வி, அதைக் கீழே கணக்குப் போட்டே பார்ப்போம்.

மற்ற மூன்றுக்கும் இடம் உண்டு. நன்றாகப் புழங்கும் பங்கில், உங்கள் அளவும் சின்னது என்றால் வெறும் ஸ்டாப் ஆர்டரே போதும். உடைத்துவிட்டுத் திரும்பி 250-ஐத் தொட வரும்போது வாங்கும் பழக்கம் உள்ளவருக்கு லிமிட் ஆர்டர். மார்க்கெட் ஆர்டர், என் கருத்தில், பிரேக்அவுட் நுழைவுக்கு அநேகமாக எப்போதும் தேவையில்லை.

பெயரில் ஒரு குழப்பம் வரும், அதை முதலிலேயே தீர்த்துவிடலாம். சில திரைகளில் ஸ்டாப் ஆர்டர் `SL-M` என்றும் ஸ்டாப்-லிமிட் `SL` என்றும் இருக்கும். வேறு சிலவற்றில் `STP`, `STP LMT`. `SL` என்று பார்த்ததும் அது வெளியே வரும் ஸ்டாப்லாஸுக்கு மட்டும்தான் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். அதே ஆர்டரை வாங்கும் பக்கம் போட்டால் நுழைவுக்கும் வேலை செய்யும்.

250.20-க்கு லிமிட் ஆர்டர் போட்டு வெச்சேன். விலை 248.60-ல இருக்கும்போதே வாங்கிடுச்சு. ஏன் இப்படி?

அது சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது. வாங்கும் லிமிட் என்றால் ‘இந்த விலைக்கு மேல் தரமாட்டேன், இதற்குக் கீழே கிடைத்தால் சந்தோஷம்’ என்று பொருள். சந்தையில் 248.60-க்கே விற்க ஆள் இருக்கும்போது 250.20 வரை தரத் தயார் என்று நீங்கள் சொன்னால், உடனே வியாபாரம் முடிந்துவிடும்.

‘விலை அங்கே போன பிறகு வாங்கு’ என்று சொல்ல டிரிகர் வேண்டும். டிரிகர் இருப்பது ஸ்டாப்பிலும் ஸ்டாப்-லிமிட்டிலும் மட்டும்தான். இந்தத் தவறின் ஆபத்து என்னவென்றால், உடையாத பங்கை உடைந்ததாக நினைத்துக் கையில் வைத்திருப்பீர்கள். விலை 242-க்குத் திரும்பும்போதுதான் தெரியும்.

ஸ்டாப் ஆர்டர் 250.20-னு போட்டேன், சராசரியா 250.61-க்கு வாங்கியிருக்கு. தரகர் ஏமாத்துறாரா?

இல்லை. டிரிகர் என்பது மணி அடிக்கும் இடம் மட்டும். அந்த விலையில் ஒரு வியாபாரம் நடந்ததும் ஸ்டாப் ஆர்டர் மார்க்கெட் ஆர்டராக மாறிவிடும். அதன் பிறகு, ஆர்டர் புக்கில் அந்த நொடி யார் என்ன விலைக்கு நிற்கிறார்களோ அவர்களிடம் வாங்கும்.

உங்கள் 250.61 எப்படி வந்திருக்கும் என்று பார்ப்போம். டிரிகர் அடித்த நொடியில் விற்பவர்கள் வரிசை இப்படி இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்: 250.25-ல் 120 பங்கு, 250.40-ல் 90, 250.60-ல் 70, 250.95-ல் 60, அப்புறம் 251.30-ல் 200. உங்களுக்கு வேண்டியது 400. முதல் நான்கு படியையும் காலி செய்தால் 340 ஆகிறது, மீதி 60 பங்கை 251.30-ல் எடுக்க வேண்டும். மொத்தம் 1,00,243. அதை 400-ஆல் வகுத்தால் 250.61.

41 காசுதானே என்று தோன்றும். பங்கின் விலையோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. ஆனால் ஒப்பிட வேண்டியது விலையோடு அல்ல, நீங்கள் பணயம் வைத்த 4.70-ஓடு. இப்போது ஒரு பங்குக்கு ரிஸ்க் 5.11, லாபத்துக்கு மிச்சம் 7.39. விகிதம் 1.66-லிருந்து 1.45-க்கு இறங்கிவிட்டது. ஸ்டாப்லாஸ் அடித்தால் 1,880 போகும் என்று நினைத்தது 2,044 ஆகிறது. அதுவும் வெளியே வரும்போது ஸ்லிப்பேஜ், அதாவது இப்படி விலை நழுவுவது, எதுவுமே இல்லை என்று வைத்துக்கொண்டால்.

பிரேக்அவுட்டில் இது ஏன் மற்ற நேரத்தைவிட மோசமாக இருக்கிறது என்பதற்கும் காரணம் உண்டு. 250-ஐ எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அதற்குச் சற்று மேலே உங்களைப் போல நுழையக் காத்திருப்பவர்களின் ஸ்டாப் ஆர்டர்கள் இருக்கும். அங்கேயே, 249-ல் விற்றுவிட்டு விலை இறங்கும் என்று காத்திருந்தவர்களின் ஸ்டாப்லாஸும் இருக்கும். அதுவும் வாங்கும் ஆர்டர்தான். இரண்டு கூட்டமும் ஒரே நொடியில் வாங்கக் கிளம்பும், அதே நொடியில் விற்பவர்கள் தங்கள் ஆர்டரை மேலே இழுத்துக்கொள்வார்கள். ஒரு நிமிடம் முன்பு ஆர்டர் புக்கில் நீங்கள் பார்த்த அடர்த்தி, உங்களுக்குத் தேவைப்படும் நேரத்தில் அங்கே இருக்காது.

சரி, ஸ்டாப்-லிமிட் போடறேன். டிரிகருக்கும் லிமிட்டுக்கும் எவ்வளவு இடைவெளி விடணும்? 0.1%-னு சிலர் சொல்றாங்க, 5 டிக்-னு சிலர் சொல்றாங்க.

இரண்டுமே உங்கள் வியாபாரத்தைப் பார்க்காமல் சொன்ன எண்கள். லிமிட் விலை பதில் சொல்ல வேண்டிய கேள்வி ஒன்றுதான்: எந்த விலைக்கு மேல் போனால் இந்த வியாபாரம் எனக்கு வேண்டாம்?

அதற்கு, நீங்கள் ஏற்கக்கூடிய குறைந்தபட்ச லாப-ரிஸ்க் விகிதத்தை முதலில் முடிவு செய்யுங்கள். இந்த உதாரணத்தில் 1.3 என்று வைத்துக்கொள்வோம். 

```
அதிகபட்ச விலை = (இலக்கு + விகிதம் × ஸ்டாப்லாஸ்) ÷ (1 + விகிதம்)
              = (258 + 1.3 × 245.50) ÷ 2.3
              = 250.93
```

கீழே முழுமையாக்கி 250.90 என்று லிமிட் போடலாம். டிரிகரிலிருந்து 70 காசு. இந்த 70 காசு எந்தச் சதவீத விதியிலிருந்தும் வரவில்லை. உங்கள் ஸ்டாப்லாஸ், உங்கள் இலக்கு, இரண்டிலிருந்தும் வந்தது. ஸ்டாப்லாஸை 247-க்கு ஏற்றினால், ரிஸ்க் குறைவதால் அதே கணக்கு 251.78 வரை இடம் கொடுக்கும். (ஆனால் லிமிட்டைத் தாராளமாக வைப்பதற்காக ஸ்டாப்லாஸை நெருக்கிக்கொண்டு வருவது ஏமாற்று வேலை. சந்தையை அல்ல, உங்களையே.)

கணக்கு சில நேரம் டிரிகருக்கும் கீழே ஒரு விலையைக் காட்டும். அப்படிக் காட்டினால் இடைவெளியைத் திருத்திப் பிரயோஜனமில்லை. 250.20-ல் கிடைத்தாலும் அந்த வியாபாரம் உங்கள் விகிதத்துக்கு வராது என்றுதான் அதற்கு அர்த்தம்.

இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். டிரிகரையும் லிமிட்டையும் ஒரே விலையில், இரண்டும் 250.20 என்று வைப்பவர்கள் உண்டு. ஸ்லிப்பேஜே இருக்காது என்பது அவர்கள் எண்ணம். மேலே பார்த்த ஆர்டர் புக்கில் விற்பவர் முதலில் நிற்பதே 250.25-ல். ஒரு பங்குகூடக் கிடைத்திருக்காது.

லிமிட் 250.90 வெச்சேன். 280 பங்குதான் வாங்குச்சு, மீதி 120 அப்படியே நிக்குது. விட்டுடலாமா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

முதலில் நடந்தது என்ன? 250.25, 250.40, 250.60 மூன்று படியிலும் சேர்த்து 280 பங்கு, சராசரி 250.39. அருமையான விலை. 250.95 உங்கள் லிமிட்டுக்கு மேல் என்பதால் மீதி 120 பங்குக்கு உங்கள் ஆர்டர் 250.90-ல் வாங்குபவர் வரிசையில் போய் நின்றுவிட்டது. அதாவது ஸ்டாப்-லிமிட் இப்போது ஸ்டாப் அல்ல. சாதாரண லிமிட் ஆர்டர்.

இப்போது யோசித்துப் பாருங்கள், அந்த 120 எப்போது நிறைவேறும்? பிரேக்அவுட் நன்றாக ஓடினால் விலை 252, 254 என்று போகும், உங்கள் 250.90-க்கு யாரும் விற்க வரமாட்டார்கள். பிரேக்அவுட் தோற்று விலை திரும்பி இறங்கினால், 250.90-ஐத் தாண்டிப் போகும் வழியில் உங்களுக்கு 120 பங்கைக் கொடுத்துவிட்டுப் போகும். ஆக, ஜெயிக்கும் வியாபாரத்தில் 280 பங்கு, தோற்கும் வியாபாரத்தில் 400 பங்கு. சும்மா விட்ட ஆர்டர் உங்களுக்கு எதிரான பக்கத்தை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொடுக்கிறது.

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். ஒருமுறை பாதி நிறைவேறிய ஆர்டரை விட்டுவிட்டு வெளியே கிளம்பிவிட்டேன். போகும்போது விலை மேலே ஓடிக்கொண்டிருந்தது, மனசு குளிர்ந்துதான் போனேன். திரும்பி வந்து பார்த்தால் மீதிப் பாதியும் வாங்கியிருந்தது, எல்லாம் சேர்ந்து ஸ்டாப்லாஸும் அடித்திருந்தது. அந்த வியாபாரத்தின் பதிவில் இரண்டாவது பகுதி வாங்கிய நேரத்துக்கும் ஸ்டாப்லாஸ் அடித்த நேரத்துக்கும் இடையே 6 நிமிடம். இறங்கும் விலையில் வாங்கி, இறங்கும் விலையிலேயே விற்றிருக்கிறேன்.

அதனால் மீதிக்கு ஒரு காலக்கெடு வையுங்கள். நான் கடைப்பிடிப்பது: எந்தக் கேண்டிலைப் பார்த்து முடிவெடுத்தேனோ, அந்தக் கேண்டில் முடிவதற்குள் நிறைவேறாத பகுதியை ரத்து செய்துவிடுவேன். 15 நிமிடக் கேண்டில் என்றால் அதிகபட்சம் 15 நிமிடம். திரும்பி வந்து 250-ஐத் தொட்டு மறுபடி ஏறும்போது வாங்குவதும் நல்ல வியாபாரம்தான். ஆனால் அது வேறு வியாபாரம். அதை நீங்கள் முடிவு செய்து எடுக்க வேண்டும், மறந்துபோன ஆர்டர் எடுக்கக் கூடாது. திரை முன் இருக்க முடியாதவர்களுக்குச் சில தரகர்கள் ஸ்டாப்-லிமிட்டோடு `IOC` சேர்க்க விடுகிறார்கள். கிடைத்ததை உடனே வாங்கிவிட்டு மீதியைத் தானாக ரத்து செய்யும் வகை அது.

கூடவே ஒரு சின்ன விஷயம், பெரிய தலைவலி. உங்கள் ஸ்டாப்லாஸ் ஆர்டரில் 400 என்று முன்கூட்டியே போட்டிருந்தால், கையில் இருப்பது 280 தான். ஸ்டாப்லாஸ் அடித்தால் 280-ஐ விற்றுவிட்டு இன்னும் 120-ஐ இல்லாத பங்காக விற்றிருப்பீர்கள். நிறைவேறிய அளவுக்கு ஏற்பத் தானாக மாறும் இணைப்பு ஆர்டர் இல்லையென்றால், எண்ணிக்கையை நீங்களே திருத்த வேண்டும்.

லிமிட்டைத் தாண்டி ஒரே ஓட்டமா ஓடிருச்சு. ஒரு பங்குகூடக் கிடைக்கலை. லிமிட்டை ஏத்தித் துரத்தலாமா?

வேண்டாம். 250.93-க்கு மேல் வேண்டாம் என்று நிதானமாக இருந்தபோது நீங்கள்தான் கணக்குப் போட்டீர்கள். இரண்டு நிமிடத்தில் ஸ்டாப்லாஸோ இலக்கோ மாறவில்லை, விலை மட்டும்தான் மாறியிருக்கிறது.

தவறிப்போன ஓட்டங்கள் மனதில் ஆணி அடித்தது போல நிற்கும் என்பது உண்மை. ஸ்டாப்-லிமிட்டுக்கு நீங்கள் கொடுக்கும் விலையே அதுதான்: சில நல்ல வியாபாரங்கள் உங்களை ஏற்றிக்கொள்ளாமல் போகும். அதுவும் வேகமாக ஓடுபவைதான் போகும், அவை பெரும்பாலும் நல்லவையாகவே இருக்கும். இந்த நஷ்டம் கணக்குப் புத்தகத்தில் வராது என்பதால் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. இதை எப்படி அளப்பது என்று கடைசிக் கேள்வியில் பார்ப்போம்.

ராத்திரியே ஆர்டர் போட்டு வெச்சுட்டுத் தூங்கறேன். காலையில கேப் அப் ஆனா என்ன ஆகும்?

வெறும் ஸ்டாப் போட்டிருந்தால், வம்பு. நேற்று 249.10-ல் முடிந்த பங்கு இன்று 253.60-ல் தொடங்குகிறது என்று வையுங்கள். 250.20 என்ற டிரிகரைச் சந்தை தொடாமலே தாண்டிவிட்டது. ஆனால் நடந்த முதல் வியாபாரமே டிரிகருக்கு மேல் என்பதால் ஆர்டர் உயிர்பெறும், 253.60 சுற்றுவட்டாரத்தில் வாங்கும். ஸ்டாப்லாஸ் அதே 245.50 என்றால் ஒரு பங்குக்கு ரிஸ்க் 8.10, லாபத்துக்கு மிச்சம் 4.40. நூறு சம்பாதிக்க நூற்று எண்பதுக்கு மேல் பணயம் வைக்கும் வியாபாரம் இது. பகலில் யாராவது உங்களிடம் வந்து சொன்னால் சிரித்துவிட்டு அனுப்பிவிடுவீர்கள். ஸ்டாப்லாஸ் அடித்தால் 400 பங்குக்கு 3,240 போகும். திட்டம் 1,880 தானே.

ஸ்டாப்-லிமிட் இங்கேதான் தன் சம்பளத்தைச் சம்பாதிக்கிறது. டிரிகர் அடிக்கும், ஆனால் 250.90-க்கு மேல் வாங்காது. காலையில் எழுந்து புதிய விலையில் புதிதாக யோசிக்கலாம். மீதி 120 பங்கு பற்றிய பதிலில் சொன்ன ஆபத்து இங்கேயும் உண்டு என்பதை மட்டும் மறக்க வேண்டாம். 253.60-ல் தொடங்கிய விலை அடுத்த ஒரு மணி நேரத்தில் சரிந்து கேப்பை மூடினால், 250.90-ல் உங்கள் ஆர்டர் இன்னும் நின்றுகொண்டிருக்கும்.

நான் திரை முன்னாடிதான் இருப்பேன். உடைஞ்சதும் மார்க்கெட் ஆர்டர் பட்டனை அமுக்கினா போதாதா?

போதும்தான், ஆனால் எதற்கு? உங்கள் கண் பார்த்து, மனம் முடிவெடுத்து, விரல் அமுக்குவதற்குள் ஸ்டாப் ஆர்டர்கள் எல்லாம் வரிசையில் உங்களுக்கு முன்னால் போயிருக்கும். அவர்கள் காலி செய்த படிகளுக்கு மேல் உள்ளதுதான் உங்களுக்குக் கிடைக்கும். அவசரம் என்றால், நடப்பு விலைக்கு மேலே உங்கள் அதிகபட்ச விலையில் ஒரு லிமிட் ஆர்டர் போடுங்கள். 250.40-ல் விற்பவர் நிற்கும்போது 250.90 என்று லிமிட் போட்டால், மார்க்கெட் ஆர்டரைப் போலவே உடனே வாங்கும். ஆனால் 250.90-ஐத் தாண்டாது. இரண்டாவது கேள்வியில் எதிரியாக இருந்த அதே குணம் இங்கே நண்பனாகிறது.

மார்க்கெட் ஆர்டருக்கு மேல்கூரை இல்லை என்பது வெறும் பேச்சு அல்ல. 2010 மே 6 அன்று அமெரிக்கப் பங்குச் சந்தையில் சில நிமிடங்களுக்கு ஆர்டர் புக்குகள் கிட்டத்தட்டக் காலியாகிவிட்டன. மேலும் கீழும் நிஜமாக வியாபாரம் செய்யும் எண்ணமில்லாமல் பெயருக்குப் போட்டு வைத்திருந்த ஆர்டர்கள் மட்டும் மிஞ்சின. அவற்றின் மீது மார்க்கெட் ஆர்டர்கள் போய் மோதின. சில பங்குகள் ஒரு சென்ட்டுக்கு விற்றன, சில 1,00,000 டாலருக்கு வாங்கப்பட்டன. பிறகு 20,000-க்கும் மேற்பட்ட வியாபாரங்களை ரத்து செய்தார்கள். விழும் நாளில் விற்பவர்தான் அடிபடுவார் என்று நாம் நினைப்போம். வாங்க வந்தவரும் அன்று அடிபட்டார்.

சார்ட்டுல விலை 250.20-ஐத் தொடவே இல்லை. ஆனா என் ஆர்டர் டிரிகர் ஆயிருக்கு. எப்படி?

டிரிகர் எந்த விலையைக் கவனிக்கிறது என்பது தரகருக்குத் தரகர், சந்தைக்குச் சந்தை மாறும். பங்குகளில் பொதுவாகக் கடைசியாக நடந்த வியாபாரத்தின் விலை. அந்நியச் செலாவணித் தளங்களில் பெரும்பாலும், வாங்கும் ஸ்டாப் ஆர்டர் விற்பவர் கேட்கும் ஆஸ்க் விலையைப் பார்த்து உயிர்பெறும். ஆனால் சார்ட் வரைந்திருப்பது பிட் விலையில். ஒரு பொருளாதாரச் செய்தி வரும் நொடியில் ஸ்பிரெட் விரிந்தால், பிட் அப்படியே இருக்க ஆஸ்க் மட்டும் எகிறி டிரிகரைத் தொட்டுவிடும். சார்ட்டில் உடையவே இல்லாத ஒரு பிரேக்அவுட்டில் நீங்கள் நுழைந்திருப்பீர்கள்.

தளத்தின் அமைப்பில் ஆஸ்க் கோட்டைச் சார்ட்டில் காட்டச் சொல்லுங்கள், நிலைமை புரியும். டிரிகரை ரெசிஸ்டன்ஸுக்கு மேலே வைக்கும்போது வழக்கமான ஸ்பிரெட்டையும் கூட்டி வையுங்கள்.

கேண்டில் 250-க்கு மேல முடிஞ்சாத்தான் வாங்குவேன். எனக்கு எது?

அப்படியானால் ஸ்டாப் வகை இரண்டும் உங்களுக்கில்லை. டிரிகர் தொட்டாலே போதும் அவற்றுக்கு, முடிவு விலை என்றால் என்னவென்று தெரியாது. கேண்டில் முடிந்ததும் அதிகபட்ச விலையில் லிமிட் ஆர்டர். முடிவு விலையே 251.40 என்று இருந்தால், உறுதிப்பாட்டுக்கு நீங்கள் கொடுத்த விலை அதிகமாகிவிட்டது, அவ்வளவுதான். விட்டுவிடுங்கள், அல்லது 250.10 பக்கம் லிமிட் போட்டுத் திரும்பி வருகிறதா என்று காத்திருங்கள்.

நுழைவுக்கு ஸ்டாப்-லிமிட் நல்லதுனா, ஸ்டாப்லாஸுக்கும் அதையே போட்டுடலாமா?

கூடாது. நுழைவு நிறைவேறாமல் போனால் உங்கள் பணம் உங்களிடமே இருக்கும். ஸ்டாப்லாஸ் நிறைவேறாமல் போனால் விழுந்துகொண்டிருக்கும் பங்கு உங்களிடமே இருக்கும். 245.50 டிரிகர், 245 லிமிட் என்று போட்டு, விலை 243-ல் கேப் டவுன் ஆனால், ஆர்டர் 245-ல் நின்றபடி வேடிக்கை பார்க்கும். வெளியே வரும் கதவில் பேரம் பேசக் கூடாது. அங்கே ஸ்டாப் ஆர்டர்தான், ஸ்லிப்பேஜ் எவ்வளவானாலும்.

சில சந்தைகளோ தரகர்களோ சில வகைக் கருவிகளில் ஸ்டாப் ஆர்டரை ஏற்பதில்லை. நியூயார்க் பங்குச் சந்தைகூட 2016 பிப்ரவரியில் ஸ்டாப் ஆர்டரை நேரடியாக ஏற்பதை நிறுத்திவிட்டது. பல தரகர்கள் ஆர்டரைத் தங்கள் கணினியிலேயே வைத்திருந்து, டிரிகர் அடித்ததும் சந்தைக்கு அனுப்புகிறார்கள். வேறு வழியில்லாமல் ஸ்டாப்-லிமிட்தான் போட வேண்டும் என்றால், வெளியேறும் பக்கம் லிமிட்டைத் தாராளமாகத் தள்ளி வையுங்கள். நுழைவுக்குப் போட்ட கணக்கை இங்கே போட வேண்டாம்.

கீழே உடையறப்போ விக்கணும்னா?

எல்லாம் தலைகீழ். டிரிகர் ஆதரவு விலைக்குக் கீழே, லிமிட் டிரிகருக்கும் கீழே. அதே சூத்திரம் இப்போது குறைந்தபட்ச விலையைக் கொடுக்கும், அதை மேல்பக்கமாக முழுமையாக்குங்கள். ஒரு வித்தியாசம் மட்டும்: பயத்தில் ஆர்டர் புக் இன்னும் வேகமாகக் காலியாகும் என்பதால், இறக்கத்தில் லிமிட் தவறவிடும் வியாபாரங்கள் அதிகமாக இருக்கலாம்.

எப்போ ஸ்டாப்-லிமிட்டை விட்டுட்டு வெறும் ஸ்டாப் போடலாம்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

உங்கள் சொந்தப் பதிவிலிருந்து. ஒவ்வொரு பிரேக்அவுட் வியாபாரத்துக்கும் மூன்று எண்களை எழுதி வையுங்கள்: டிரிகர் விலை, வாங்கிய சராசரி விலை, திட்டமிட்ட ரிஸ்க். சராசரியிலிருந்து டிரிகரைக் கழித்து ரிஸ்க்கால் வகுத்தால் ஸ்லிப்பேஜ் ரிஸ்க்கில் எத்தனை சதவீதம் என்று வரும். நம் உதாரணத்தில் 0.41-ஐ 4.70-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 9%. ஸ்டாப்-லிமிட்டில் ஒன்றுமே கிடைக்காமல் தவறிய வியாபாரங்களையும் அதே நோட்டில் எழுதுங்கள். வெறும் ஸ்டாப் போட்டிருந்தால் தோராயமாக எந்த விலையில் கிடைத்திருக்கும், அது பிறகு இலக்கைத் தொட்டதா, ஸ்டாப்லாஸைத் தொட்டதா என்று. இந்த இரண்டாவது பட்டியலை யாரும் எழுதுவதில்லை, அதனால்தான் இந்த விவாதம் முடிவதே இல்லை.

இருபது முப்பது வியாபாரம் சேர்ந்த பிறகு பாருங்கள். ஸ்லிப்பேஜ் எப்போதும் ரிஸ்க்கில் பத்தில் ஒரு பங்குக்குள் அடங்கி, தவறியவற்றில் பெரும்பாலானவை இலக்கைத் தொட்டிருந்தால், அந்தப் பங்கில், அந்த அளவுக்கு, சந்தை திறந்திருக்கும் நேரத்தில் வெறும் ஸ்டாப் போடலாம் என்பது என் அளவுகோல். இரவில் போட்டு வைக்கும் ஆர்டருக்கு அப்போதும் லிமிட் வேண்டும். எண்ணிக்கையை 400-லிருந்து 2,000 ஆக்கினாலும் பழைய பதிவு செல்லாது. 400 பங்கு ஐந்து படி ஏறியது. 2,000 பங்கு எத்தனை படி ஏறும் என்பதை அந்த ஆர்டர் புக்கைத் திறந்து, விற்பவர் வரிசையை மேலிருந்து கூட்டிப் பார்த்தால் ஓரளவு தெரியும்.